ஐந்து எண்களில் நடுவில் நிற்பது

0-க்கும் 1-க்கும் இடையில் ஓர் எண்ணைத் தரும்படி கணினியிடம் கேட்டால், அது எந்த இடத்துக்கும் சலுகை காட்டாது. 0.03-ஐ ஒட்டி விழுவதற்கும் 0.5-ஐ ஒட்டி விழுவதற்கும் ஒரே அளவு வாய்ப்புதான். அந்த வாய்ப்பைப் படமாக வரைந்தால் மேடும் பள்ளமும் இல்லாத தட்டைக் கோடு வரும். புள்ளியியலில் இதைச் சீரான பரவல் என்பார்கள்.

இப்போது அதே முறையில், ஒன்றையொன்று சாராத ஐந்து எண்களை வாங்குவோம். அவற்றைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, மூன்றாவதாக நிற்பதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற நான்கையும் விட்டுவிடுவோம். அந்த மூன்றாவது எண்தான் இடைநிலை. இதையே மீண்டும் மீண்டும் செய்தால், கிடைக்கும் இடைநிலைகள் எங்கே கூடும்? நடுப்பக்கம் கூடும் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். எவ்வளவு கூடும், ஓரங்களில் எப்படித் தேயும் என்பதை ஒரு வரியில் துல்லியமாக எழுத முடியும் என்பதுதான் இதில் அழகு.

ஒரு குறிப்பிட்ட இடத்தில் கணக்கிட்டுப் பார்ப்போம். இடைநிலை 0.30-க்கும் 0.31-க்கும் இடையில் விழ என்ன வாய்ப்பு? அப்படி நடக்க மூன்று காரியங்கள் சேர்ந்து நடக்க வேண்டும். ஐந்தில் ஓர் எண் அந்தச் சிறிய இடைவெளிக்குள் விழ வேண்டும். அதன் வாய்ப்பு 0.01. இரண்டு எண்கள் 0.3-க்குக் கீழே இருக்க வேண்டும். அதன் வாய்ப்பு 0.3 × 0.3, அதாவது 0.09. மீதி இரண்டும் மேலே இருக்க வேண்டும். அதன் வாய்ப்பு ஏறக்குறைய 0.7 × 0.7, அதாவது 0.49. மூன்றையும் பெருக்கினால் 0.000441.

கணக்கு இங்கே முடியவில்லை. ஐந்து எண்களில் எது நடுவில் நிற்கும், எந்த இரண்டு கீழே போகும் என்று நாம் முன்கூட்டித் தீர்மானிக்கவில்லை. நடுவில் நிற்பதற்கு 5 வழிகள். மீதி நான்கிலிருந்து கீழே போகும் இரண்டைத் தேர்ந்தெடுக்க 6 வழிகள். மொத்தம் 30. ஆகவே வாய்ப்பு 30 × 0.000441, ஏறத்தாழ 0.0132. ஒரே இடைவெளிக்குள் இரண்டு எண்கள் சேர்ந்து விழும் வாய்ப்பையும், 0.7-க்கும் 0.69-க்கும் உள்ள சிறு வேறுபாட்டையும் இதில் விட்டிருக்கிறோம். இடைவெளியைச் சுருக்கச் சுருக்க அந்தப் பிழைகள் மறைந்துவிடும்.

0.3-க்குப் பதில் x என்று வைத்து, இடைவெளியின் அகலத்தால் வகுத்துவிட்டால் கிடைப்பது இடைநிலையின் அடர்த்தி:

f(x) = 30 x² (1 − x)²

மேலே செய்ததற்கு மேல் இதில் எதுவும் இல்லை. x² என்பது கீழே போன இரண்டு பேர், (1 − x)² என்பது மேலே போன இரண்டு பேர், 30 என்பது அவர்களை அமர்த்தும் வழிகள். ஐந்துக்குப் பதில் n எண்கள், மூன்றாவதற்குப் பதில் k-வது சிறிய எண் என்றாலும் வாதம் அப்படியே நிற்கும். கீழே k − 1 பேர், மேலே n − k பேர்:

f(x) = n! / ((k−1)! (n−k)!) · x^(k−1) · (1−x)^(n−k)

இந்த வளைவுகளுக்குப் பீட்டா பரவல் என்று பெயர். n இரட்டைப்படையாக இருந்தால் நடுவில் நிற்கும் இருவரின் சராசரியே இடைநிலை என்பதால் இந்தச் சூத்திரம் அதற்கு நேராகப் பொருந்தாது.

மாணவர்கள் பெரும்பாலும் தவறுவது அந்த 30-இல்தான். கீழே போகும் இரண்டைத் தேர்ந்தெடுக்க ஐந்தில் இரண்டு, அதாவது 10 வழிகள் என்று எழுதிவிட்டு, மீதி மூன்றில் எது நடுவில் நிற்கும் என்பதை மறந்துவிடுவார்கள். தவறைக் கண்டுபிடிப்பது எளிது. எந்த அடர்த்தி வளைவுக்கும் கீழே உள்ள பரப்பு 1 ஆக இருக்க வேண்டும். x²(1 − x)² என்பதன் கீழ்ப் பரப்பு 1/30. அதை 10-ஆல் பெருக்கினால் மூன்றில் ஒரு பங்குதான் வரும். மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு தொலைந்துபோயிருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொரு குழப்பம், நடுவில் வளைவின் உயரத்தைப் பார்த்ததும் வரும். x = 0.5 என்று போட்டால் 1.875 வருகிறது. வாய்ப்பு 1-ஐத் தாண்டலாமா? தாண்டக் கூடாது. ஆனால் இது வாய்ப்பு அல்ல, அடர்த்தி. அகலத்தோடு பெருக்கினால்தான் அது வாய்ப்பாகும்: 0.5-ஐச் சுற்றி 0.01 அகலத்துக்கு 100-க்கு 1.9-ஐ ஒட்டிய வாய்ப்பு. ஒற்றை எண்ணாக இருந்தால் அங்கே விழ 100-க்கு 1 வாய்ப்புதான். 0.4-க்கும் 0.6-க்கும் இடையில் உள்ள முழுப் பரப்பையும் எடுத்தால், ஒற்றை எண் அங்கே விழும் வாய்ப்பு 20 விழுக்காடு. ஐந்தின் இடைநிலைக்கு 36.5 விழுக்காடு. நம்பிக்கை வராதவர்கள் தங்கள் கணினியிலேயே பார்த்துவிடலாம்:

```python
import random, statistics
m = [statistics.median(random.random() for _ in range(5))
     for _ in range(100000)]
print(sum(0.4 < x < 0.6 for x in m) / len(m))
```

ஒவ்வொரு முறையும் விடை 0.365-ஐச் சுற்றியே வரும். மூன்றாம் தசம இடத்தில்தான் ஆட்டம் இருக்கும். 0.365-லிருந்து வெகுவாக விலகினால், ஐந்து எண்களும் உண்மையில் ஒன்றையொன்று சாராதவையா என்று பார்க்க வேண்டும். ஒரே எண்ணை ஐந்து முறை பிரதி எடுத்தால் இடைநிலையும் அதே எண்தான். வளைவு மறுபடி தட்டையாகி, விடை 0.2-க்கு இறங்கிவிடும். நாம் பெற்ற மேடு முழுவதும் அந்தச் சாராத்தன்மை தந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இடைநிலைதான் எப்போதும் நம்பகமான நடு என்று பலரும் நினைக்கிறார்கள். சீரான பரவலில் அது சரியல்ல. ஐந்து எண்களின் இடைநிலைக்குத் திட்டவிலக்கம் 0.189. அதே ஐந்தின் சராசரிக்கு 0.129. மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் மட்டும் கூட்டி இரண்டால் வகுத்தால் 0.109. இடைநிலைக்கு நற்பெயர் வந்தது, எங்கோ தொலைவில் ஓரிரு எண்கள் போய் விழும் வகைத் தரவுகளில். இங்கே 0, 1 என்ற இரு எல்லைகளைத் தாண்டி எதுவும் போக முடியாது. அதனால் ஓரத்தில் நிற்கும் எண்கள்தான் எல்லைகளைப் பற்றி அதிகம் சொல்கின்றன.

நடுவை விட்டு மற்ற இடங்களையும் கொஞ்சம் பார்க்கலாம். ஐந்தில் மிகச் சிறியது சராசரியாக 1/6-இல் நிற்கும், அடுத்தது 2/6-இல், அப்படியே 5/6 வரை. காரணத்தைத் தொகையீடு இல்லாமலே காணலாம். 1 நீளச் சுற்றளவு கொண்ட வட்டத்தில் ஆறு புள்ளிகளைக் கண்ணை மூடிக்கொண்டு வையுங்கள். ஆறு இடைவெளிகள் உண்டாகும். எதற்கும் மற்றதைவிட நீளமாக இருக்க உரிமை இல்லை, ஆகவே ஒவ்வொன்றும் சராசரியாக 1/6. இப்போது ஒரு புள்ளியில் வட்டத்தை வெட்டி நீட்டினால், மீதி ஐந்து புள்ளிகளும் 0-க்கும் 1-க்கும் இடையே நம் ஐந்து எண்களாகிவிடும். ஆனால் சராசரி இருக்கும் இடத்தில்தான் வளைவின் உச்சி இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டாவது சிறிய எண்ணுக்கு அடர்த்தி 20x(1 − x)³; சராசரி 1/3, உச்சியோ 1/4. சமச்சீரான நடுவில் மட்டும்தான் இரண்டும் ஒன்றாகின்றன.

இனி, இதை வேறொரு துறையில் பார்க்கலாம். இடைநிலை x-க்குள் அடங்கும் வாய்ப்பு என்ன என்று கேட்போம். ஐந்தில் குறைந்தது மூன்று எண்கள் x-க்குள் இருந்தால் போதும். மூன்று, நான்கு, ஐந்து என்ற மூன்று நிலைகளையும் கூட்டிச் சுருக்கினால் வருவது:

F(x) = 6x⁵ − 15x⁴ + 10x³

கணினி வரைகலை தெரிந்தவர்கள் இதை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். மேகம், மலை, பளிங்கு போன்றவற்றின் ஒழுங்கற்ற தோற்றத்தைத் திரையில் உண்டாக்கக் கென் பெர்லின் ஒரு முறையை வகுத்து 1985-இல் வெளியிட்டார். பெர்லின் நாய்ஸ் என்று பெயர் பெற்ற அதற்காக 1997-இல் ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருதும் பெற்றார். இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, கட்டத்தின் மூலைகளில் உள்ள சரிவுகள் தரும் மதிப்புகளை உள்ளே இழைத்துக் கலப்பது அந்த முறை. அந்தக் கலப்புக்கு முதலில் அவர் பயன்படுத்திய வளைவு 3t² − 2t³. அது மூன்று எண்களின் இடைநிலைக்கு உரியது. 2002-இல் அதை மாற்றி அவர் எழுதியது ஐந்தின் வளைவு:

```java
return t * t * t * (t * (t * 6 - 15) + 10);
```

மாற்றக் காரணம் நம் அடர்த்திப் படங்களிலேயே தெரிகிறது. மூன்றின் அடர்த்தி 6x(1 − x). அது 0-இல் தரையைத் தொடும்போது 6 என்ற சரிவோடு, வெடுக்கென்று எழுகிறது. கட்டத்துக்குக் கட்டம் அந்தச் சரிவு திடீரென மாறுவதால், மேடுபள்ளமான பரப்பில் ஒளி விழும்போது கட்டங்களின் எல்லைகள் கோடாகக் கண்ணில் பட்டன. ஐந்தின் அடர்த்தியில் x² இருப்பதால் அது தரையோடு படிந்தே புறப்படுகிறது. இடைநிலை 0-ஐ ஒட்டி வர மூன்று எண்கள் அங்கே சேர வேண்டும், அது மிக அரிது என்பதே அந்தப் படிதலின் பொருள்.

பெர்லின் இடைநிலைகளிலிருந்து இந்த வளைவுக்கு வரவில்லை. இரு முனைகளிலும் முதல் வகைக்கெழுவும் இரண்டாம் வகைக்கெழுவும் பூச்சியமாக வேண்டும் என்பதுதான் அவருடைய தேவை. வளைவு 0-இலிருந்து 1-க்கு ஏறவும் வேண்டும். அப்படியானால் அதன் வகைக்கெழுவில் x², (1 − x)² இரண்டும் காரணிகளாக இருந்தாக வேண்டும். கீழ்ப் பரப்பு 1 ஆக வேண்டும் என்பதால் முன்னால் நிற்கும் எண் 30-ஆகத்தான் இருக்க முடியும். இரு வழிகளும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்ததற்கு இதுவே காரணம்.

ஏழு எண்களின் இடைநிலைக்குப் போனால் அடர்த்தி 140x³(1 − x)³. முனைகள் இன்னும் ஒரு படி மென்மையாகும், ஆனால் நடுவில் ஏற்றம் கூடும்: மூன்றுக்கு 1.5, ஐந்துக்கு 1.875, ஏழுக்கு ஏறக்குறைய 2.19. ஓரத்தில் எவ்வளவு படிகிறதோ அவ்வளவும் நடுவில் செங்குத்தாக ஏறுகிறது. பரப்பு 1-ஐத் தாண்ட முடியாது என்பதால் இதிலிருந்து தப்ப வழியில்லை.