தெளிந்தது முதலில், கலங்கியது பிறகு: ஒரே சிரிஞ்சில் இரண்டு இன்சுலின் எடுக்கும் முறை

ஹட்டனைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இன்சுலின் போட்டுக்கொள்ளும் பலருக்கு இன்று கிடைப்பது, இரண்டு வகை இன்சுலினையும் ஏற்கெனவே 30க்கு 70 என்று கலந்து அடைத்த குப்பிதான். அதைப் பயன்படுத்துவது இலகு. ஆனால் எல்லோருக்கும் அந்தக் கலவை பொருந்துவதில்லை. காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சீனியைக் குறைக்க வேகமான இன்சுலினை மட்டும் 2 அலகு கூட்ட வேண்டுமென்று வைத்தியர் நினைத்தால், கலவைக் குப்பியில் அது முடியாது. ஒன்றைக் கூட்டினால் மற்றதும் கூடும். அப்படிப்பட்டவர்களுக்கு இரண்டு தனிக் குப்பிகள் தரப்படுகின்றன. கலவைக் குப்பி கையிருப்பில் இல்லாத காலங்களிலும் இரண்டாகப் பிரித்துத் தரப்படுவதுண்டு.

இரண்டு குப்பி என்றால் இரண்டு ஊசி போட வேண்டும் என்பதில்லை. ஒரே சிரிஞ்சில் இரண்டையும் எடுத்து ஒரே தடவையில் போடலாம். ஆனால் அதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. தாதியாகப் பணியாற்றிய ஆண்டுகளில் தோட்டத்து மக்களுக்கு இதைப் பலமுறை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒழுங்கை மனப்பாடம் செய்தவர்கள் சில மாதங்களில் மாற்றி எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். காரணம் விளங்கியவர்கள் மாற்றுவதில்லை. அதனால் முதலில் காரணத்தைச் சொல்கிறேன்.

ஒரு குப்பியில் இருப்பது தண்ணீர் போலத் தெளிந்த சொலியுபிள் இன்சுலின். போட்டு அரை மணித்தியாலத்தில் வேலை தொடங்கும். 2 முதல் 4 மணித்தியாலத்துக்குள் உச்சத்துக்கு வந்து, சுமார் 8 மணித்தியாலத்தில் ஓய்ந்துவிடும். மற்றக் குப்பியில் இருப்பது பால் கலந்தது போலக் கலங்கிய ஐசோபேன் இன்சுலின். சிலர் இதை என்.பி.எச். என்பார்கள். இது மெதுவாகத் தொடங்கி, சுமார் 4 மணித்தியாலத்துக்குப் பிறகு உச்சம் பெற்று, அரை நாளுக்கு மேல் நிற்கும்.

இந்தக் கலங்கல் அழுக்கு அல்ல. 1936இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹாகடோர்ன் என்ற வைத்தியரும் அவருடைய குழுவினரும், மீனின் விந்திலிருந்து எடுக்கப்படும் புரோட்டமின் என்ற புரதத்தை இன்சுலினோடு சேர்த்தால் அது தோலுக்கடியில் மெதுவாகவே கரையும் என்று கண்டார்கள். 1940களில் அதே வழியில் உருவானதுதான் இன்றைய ஐசோபேன். இதில் இன்சுலினும் புரோட்டமினும் ஒன்றுக்கொன்று சரியான அளவில் இருக்கின்றன. கட்டுப்படாத புரோட்டமின் மிச்சமாக இல்லாததால்தான், இதோடு சொலியுபிள் இன்சுலினை ஒரே சிரிஞ்சில் சேர்த்தாலும் அதன் வேகம் பெரிதாகக் குறைவதில்லை.

சிரிஞ்சில் கலப்பது ஒன்று, குப்பிக்குள் கலப்பது வேறு. சிரிஞ்சில் இருப்பது உடனே உடலுக்குள் போய்விடும். குப்பியில் இருப்பது நாலு வாரத்துக்கு ஒவ்வொரு நாளும் பயன்படப் போவது. கலங்கிய மருந்து தொட்ட ஊசி தெளிந்த குப்பிக்குள் போனால், துகள்கள் அங்கே சேரத் தொடங்கும். சேரச் சேர, வேகமாக வேலை செய்ய வேண்டிய மருந்து மெதுவான மருந்தாக மாறும். மறுபக்கமாக, தெளிந்த மருந்து ஒரு சொட்டு கலங்கிய குப்பிக்குள் போவது அவ்வளவு தீங்கல்ல. ஆகவே தெளிந்த குப்பியைக் காப்பாற்றத்தான் “தெளிந்தது முதலில்” என்ற விதி.

இனிச் செய்முறை. கிளினிக் கொப்பியில் காலைக்கு சொலியுபிள் 8 அலகு, ஐசோபேன் 16 அலகு என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 24. இந்த 24 என்ற எண்ணைத் தொடங்குவதற்கு முன்பே ஒரு துண்டில் எழுதி வையுங்கள்.

கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கலங்கிய குப்பியை இரண்டு உள்ளங்கைகளுக்கும் இடையில் பத்துத் தடவை உருட்டி, பின் பத்துத் தடவை மெதுவாகத் தலைகீழாகத் திருப்புங்கள். அடியில் படிந்த வெள்ளை முழுவதும் கலந்து ஒரே நிறமாக வர வேண்டும். குலுக்க வேண்டாம்; நுரை வந்தால் அளவு பிழைக்கும். உருட்டிய பிறகும் கட்டி கட்டியாக நின்றாலோ, கண்ணாடியில் உறைபனி போல ஒட்டியிருந்தாலோ அந்தக் குப்பி பழுதாகிவிட்டது. இரண்டு குப்பிகளின் இறப்பர் மூடிகளையும் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் காய விடுங்கள்.

அடுத்தது காற்று. சிரிஞ்சில் 16 கோடு வரை காற்றை இழுத்து, கலங்கிய குப்பிக்குள் செலுத்துங்கள். குப்பி மேசையில் நிமிர்ந்தே இருக்கட்டும். ஊசி முனை மருந்தைத் தொடக்கூடாது. மருந்து எடுக்காமலே ஊசியை வெளியே எடுங்கள். பிறகு 8 கோடு வரை காற்றை இழுத்து, தெளிந்த குப்பிக்குள் செலுத்துங்கள். ஊசியை எடுக்காமல் குப்பியைத் தலைகீழாகப் பிடித்து, 8ஐத் தாண்டிச் சற்று அதிகமாக இழுங்கள். குமிழி இருந்தால் விரலால் தட்டி மேலே வரச் செய்து குப்பிக்குள்ளேயே தள்ளுங்கள். சரியாக 8 கோட்டில் நிறுத்தி ஊசியை எடுங்கள்.

இப்போது ஊசியைக் கலங்கிய குப்பிக்குள் குத்தி, தலைகீழாக்கி, மெதுவாக 24 வரை இழுங்கள். 16 வரை அல்ல, 24 வரை. சிரிஞ்சில் ஏற்கெனவே 8 இருக்கிறது. இந்த இடத்தில் 16 கோட்டில் நிறுத்துபவர்களுக்கு ஐசோபேன் பாதிதான் கிடைக்கும். அவர்களின் சீனி மாலையில் ஏறி நிற்கும். கை தவறி 24ஐத் தாண்டிவிட்டால், மிச்சத்தைக் குப்பிக்குள் திருப்பித் தள்ளக் கூடாது. சிரிஞ்சுக்குள் இரண்டும் கலந்துவிட்டதால் எதை எவ்வளவு தள்ளுகிறோம் என்று யாருக்கும் தெரியாது. முழுவதையும் வீசிவிட்டுப் புதிய சிரிஞ்சில் மறுபடி தொடங்க வேண்டும். எடுத்ததை வைத்திருக்காமல் உடனே போட்டு, சுமார் அரை மணித்தியாலத்தில் சாப்பிட வேண்டும். காலை பிரட்டுக்குப் போகிறவர் சாப்பிடாமல் போடுவதோ, போட்ட பின் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு மலைக்கு ஏறிவிடுவதோ ஆபத்து.

“காற்று எதற்கு? நேரத்தை வீணாக்கும் வேலை” என்று பலர் அதை விட்டுவிடுகிறார்கள். குப்பி காற்றுப் புகாதபடி மூடப்பட்டது. மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டே போனால் உள்ளே வெற்றிடம் கூடும். சிரிஞ்சில் முதல் மருந்தோடு இரண்டாவது குப்பிக்குள் ஊசியைக் குத்தும்போது, அந்த வெற்றிடம் சிரிஞ்சிலிருக்கும் மருந்தையே உள்ளே உறிஞ்சிவிடும். அந்த நேரத்தில் காற்றைச் செலுத்தவும் வழியில்லை, ஏனென்றால் சிரிஞ்சில் மருந்து நிற்கிறது. அதனால்தான் கலங்கிய குப்பிக்கான காற்றை எல்லாவற்றுக்கும் முன்பே கொடுத்துவிடுகிறோம்.

இந்த இரண்டு பிழைகளும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை ஒரு கொழுந்து பறிக்கும் தாயின் கிளினிக் கொப்பியில் பார்த்தேன். அளவு மேலே சொன்ன 8ம் 16ம்தான். காலை வெறும் வயிற்றில் சீனி சரியாக இருந்தது. சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் 260ஐத் தாண்டியது. ஆனால் மதியம் நெருங்கும்போது மலையில் வியர்த்து, கை நடுங்கி, கூடையோடு உட்கார்ந்துவிடுவார். ஒருநாள் அந்த நேரத்தில் பார்த்தபோது 62. எழுபதுக்குக் கீழே போவது தாழ்சீனி. ஒரே காலையில் முதலில் ஏறுவதும் பிறகு இறங்குவதும் ஏன்? அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவெடுக்கும் முன், குப்பிகளைக் கொண்டுவரச் சொன்னோம். தெளிந்த குப்பியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபோது உள்ளே புகை படிந்தது போல மங்கல் தெரிந்தது.

வீட்டில் ஊசி எடுத்துக் கொடுப்பது மகள். செய்துகாட்டச் சொன்னோம். காற்று செலுத்தாமல், கலங்கியதை முதலில் 16 வரை எடுத்து, அதே ஊசியைத் தெளிந்த குப்பிக்குள் குத்தினார். குத்தியவுடன் சிரிஞ்சின் உள்தண்டு தானாகவே உள்ளே நகர்ந்தது. அதன் பிறகு 24 வரை இழுத்தார். அதாவது ஒவ்வொரு நாளும் ஐசோபேனில் ஒரு பகுதி தெளிந்த குப்பிக்குள் போய்க்கொண்டிருந்தது. சாப்பாட்டுக்குப் பிடிக்க வேண்டிய மருந்தின் வேகம் குறைந்து, அது மதிய நேரத்தில் ஐசோபேனின் உச்சத்தோடு சேர்ந்து பிடித்தது. வைத்தியர் அளவை மாற்றவில்லை. புதிய குப்பி கொடுத்து, முறையைத் திருத்தினோம். அடுத்த கிளினிக்கில் மதியத்துத் தாழ்சீனி பற்றிய குறிப்பு கொப்பியில் இருக்கவில்லை.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய சோதனை ஒன்றுதான். ஒவ்வொரு காலையும் தெளிந்த குப்பியை வெளிச்சத்தில் பாருங்கள். சற்றேனும் மங்கல் தெரிந்தால் அதைப் பயன்படுத்த வேண்டாம். கலங்கிய குப்பியில் இந்தக் கெடுதலைக் கண்ணால் காண முடியாது. தெளிந்த குப்பியில் முடியும்.

வெளிநாட்டிலும் தமிழகத்திலும் உறவுகள் உள்ள குடும்பங்களுக்கு இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். தெளிந்த இன்சுலின் எல்லாம் வேகமானதல்ல. வெளிநாட்டிலிருந்து வரும் கிளார்ஜின் தண்ணீர் போலத் தெளிந்திருக்கும், ஆனால் ஒரு நாள் முழுவதும் நிற்கும் வகை அது. அதை எந்த இன்சுலினோடும் ஒரே சிரிஞ்சில் கலக்கக் கூடாது. ஆகவே நிறத்தை மட்டும் பார்க்காமல் பெயரைப் படித்த பிறகே கையில் எடுங்கள்.

இரண்டாவது, மருந்தின் செறிவு. தமிழகத்தில் ஒரு மில்லிலீற்றரில் 40 அலகு உள்ள குப்பிகளும், அவற்றுக்கான சிவப்பு மூடி சிரிஞ்சுகளும் பரவலாக உண்டு. அங்குள்ள முகாம்களிலிருந்து திரும்பியவர்கள் சிலர் அவற்றைக் கையோடு கொண்டுவருகிறார்கள். 100 அலகுக் குப்பிக்கு உரியது செம்மஞ்சள் மூடி சிரிஞ்ச். 100 அலகு மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 24 கோடு வரை எடுத்தால், உடலுக்குள் போவது 24 அல்ல, 60 அலகு. அது உயிரைப் பறிக்கக்கூடிய அளவு. குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால் ஊசியைப் போடாமல் டிஸ்பென்சரிக்கோ கிளினிக்குக்கோ இரண்டையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.