உலர் பற்குழி

உலர் பற்குழி என்பது பல் பிடுங்கிய பின், அப்பல் இருந்த எலும்புக் குழியில் உருவாகும் குருதி உறைகட்டி உரிய காலத்திற்கு முன்பே கரைந்தோ பெயர்ந்தோ போவதால் ஏற்படும் வலி மிகுந்த நிலையாகும். இது பல் பிடுங்கிய காயத்தில் ஏற்படும் நோய்த்தொற்று எனப் பலராலும் தவறாகக் கருதப்படுகிறது. கீழ்த்தாடையின் கடைசிக் கடைவாய்ப்பல்லான ஞானப்பல்லை அகற்றிய பின்னரே இது மிகுதியாகக் காணப்படுகிறது.

உருவாகும் முறை

பல் அகற்றப்பட்டவுடன் குழியில் குருதி நிரம்பி உறைகிறது. ஃபைப்ரின் எனும் புரத இழைகளால் பின்னப்பட்ட இவ்வுறைகட்டி எலும்பை மூடிப் பாதுகாக்கிறது. புதிய திசு இதன் மீதே வளர்கிறது. சிலரிடம், காயமுற்ற எலும்பிலிருந்தும் சுற்றியுள்ள திசுக்களிலிருந்தும் வெளிப்படும் பொருட்கள் குருதியிலுள்ள பிளாஸ்மின் எனும் நொதியை அளவுக்கு மீறித் தூண்டுகின்றன. இந்நொதி ஃபைப்ரின் இழைகளை அறுத்து உறைகட்டியைக் கரைத்துவிடுகிறது. உணர்நரம்புகள் நிறைந்த எலும்பு காற்று, உணவு, உமிழ்நீர் ஆகியவற்றுக்கு நேரடியாக உட்படுவதால் கடும் வலி தோன்றுகிறது.

கடினமான அறுவை, புகைப்பிடித்தல், கருத்தடை மாத்திரைகள், பல் பிடுங்குவதற்கு முன்பே ஈற்றில் இருந்த அழற்சி ஆகியன இதன் வாய்ப்பைக் கூட்டுகின்றன.

நோய்த்தொற்றிலிருந்து வேறுபாடு

பல் பிடுங்கிய பின் இயல்பான வலி நாளுக்கு நாள் குறையும். உலர் பற்குழியில் முதலில் குறைந்த வலி, இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் மீண்டும் தொடங்கி முன்னிலும் கடுமையாகும். துடிக்கும் வலி காதுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் பரவும். வாயில் துர்நாற்றமும் கெட்ட சுவையும் இருக்கும். குழி வெறுமையாகவோ சாம்பல் நிறக் கசடுடனோ காணப்படும். ஆனால் சீழ், காய்ச்சல், பெருகும் வீக்கம் ஆகியன இருப்பதில்லை.

நோய்த்தொற்றில் கன்னமோ ஈறோ நாளுக்கு நாள் வீங்கும். சீழ் வடியலாம், காய்ச்சல் வரலாம், கழுத்து நிணநீர்க் கணுக்கள் வீங்கலாம். வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமை, தாடைக்குக் கீழ் வீக்கம், மூச்சுத்திணறல் ஆகியன தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நுண்ணுயிர் எதிர்ப்பிகள் குணப்படுத்தாமைக்கான காரணம்

அமாக்சிசிலின் போன்ற நுண்ணுயிர் எதிர்ப்பிகள் குருதி வழியாகத் திசுக்களை அடைந்து, அங்குப் பெருகும் பாக்டீரியாக்களை அழிப்பவை. உலர் பற்குழியில் வலிக்குக் காரணம் திசுவிற்குள் பரவும் பாக்டீரியா அன்று. உறையிழந்த எலும்பே ஆகும். இம்மருந்துகளால் கரைந்த உறைகட்டியை மீண்டும் உருவாக்கவோ எலும்பை மூடவோ இயலாது. துர்நாற்றத்திற்குக் காரணமான உணவுத் துகள்களும் அவற்றிலுள்ள நுண்ணுயிர்களும் குருதியோட்டமற்ற வெற்றுக் குழியில் கிடக்கின்றன. அவற்றைக் கழுவித்தான் அகற்ற வேண்டும்.

தடுப்பு என்பது வேறு. வாயிலுள்ள பாக்டீரியாக்களும் உறைகட்டி கரைவதற்குத் துணைபுரியக்கூடும் எனக் கருதப்படுகிறது. அறுவைக்கு முன்போ உடன் பின்போ எதிர்ப்பி கொடுத்தால் உலர் பற்குழியின் வாய்ப்பு ஓரளவு குறையலாம் என ஆய்வுகள் காட்டுகின்றன. எனினும் பக்கவிளைவுகளும் மருந்தெதிர்ப்பும் கருதி, உடல்நலமுள்ள அனைவருக்கும் இது வழங்கப்படுவதில்லை. உறைகட்டி போன பின் இப்பயனும் இல்லை.

எடுத்துக்காட்டு

புகைப்பிடிக்கும் ஒருவருக்குத் திங்கட்கிழமை கீழ் ஞானப்பல் அகற்றப்பட்டதாகக் கொள்வோம். புதன்கிழமை வலி குறைகிறது. வியாழன் இரவு காது வரை பரவும் வலி தூக்கத்தைக் கெடுக்கிறது. காய்ச்சலோ வீக்கமோ இல்லை. அவர் ஐந்து நாட்களுக்கான எதிர்ப்பி மாத்திரைகளை வாங்கி உண்கிறார். முதல் மூன்று நாட்கள் வலி மாறுவதில்லை. மருந்து முடியும் வேளையில் வலி தணியத் தொடங்குகிறது. மருந்தே குணப்படுத்தியது என அவர் நம்புகிறார். உண்மையில் உலர் பற்குழி சிகிச்சையின்றியும் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்களில் தானே ஆறிவிடும். அதற்குள் புதிய திசு எலும்பை மூடிவிடுகிறது. மாத்திரை முடிந்ததும் வலி தணிந்ததும் ஒரே நேரத்தில் நிகழ்ந்தன. வலியை இடையில் தணித்திருக்கக்கூடிய சிகிச்சை அவருக்குக் கிடைக்கவில்லை.

சிகிச்சை

பல் மருத்துவர் குழியை வெதுவெதுப்பான உப்பு நீர்க் கரைசலால் மென்மையாகக் கழுவி, கிராம்பு எண்ணெயின் முதன்மைப் பொருளான யூஜினால் கலந்த மருந்துப் பொதியை வைப்பார். எலும்பு மூடப்பட்டு, நரம்புகள் மரத்துப்போவதால் வலி பெரும்பாலும் விரைவில் குறையும். தேவைப்பட்டால் ஓரிரு நாட்களுக்கு ஒருமுறை பொதி மாற்றப்படும். அது குழியிலேயே நெடுநாள் விடப்பட்டால் ஆறுதல் தாமதமாகும். இப்யூபுரோஃபென், பாராசிட்டமால் போன்ற வலிநிவாரணிகள், அவற்றை உட்கொள்ளத் தடை இல்லாதவர்களுக்குப் பயன்படும். உண்மையான நோய்த்தொற்றின் அடையாளங்கள் சேர்ந்திருந்தால் மட்டுமே நுண்ணுயிர் எதிர்ப்பி தேவைப்படும்.