‘எனக்கு 24 வருதே!’ - கணக்கு வீடியோ எங்கே நிற்க வேண்டும்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பல வீடுகளில் மாலை நேரக் கணக்கு டியூஷன் அப்பா, அம்மாவின் செல்போனுக்குள் வந்துவிட்டது. பாடப்புத்தகத்தில் இருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் வீடியோ. யூடியூபில் தேடினால் இன்னும் எத்தனையோ வீடியோக்கள். பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. நோட்டைத் திறந்து தனியாகப் போட்டால்தான் விடை தப்பாகிறது. குறை எப்போதும் பிள்ளையிடம் இருப்பதில்லை. சில நேரம் அது வீடியோவின் ஸ்கிரிப்ட்டில் இருக்கிறது.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். கடையில் 5 நோட்டு வாங்குகிறீர்கள். ஒன்றின் விலை x ரூபாய். இரண்டைத் திருப்பிக் கொடுக்கிறீர்கள். கடைக்காரர் நோட்டுக்கு 3 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிறார். மொத்தத்தில் உங்களுக்கு ஆன செலவு 66 ரூபாய். ஒரு நோட்டின் விலை என்ன?

`5x − 2(x − 3) = 66`

பெட்டிக்குள் மைனஸும் வேண்டும்

அடுத்த வரியில் அடைப்பைப் பிரிக்க வேண்டும். இங்கேதான் ஸ்கிரிப்ட் எழுதுபவரின் கவனம் தேவை. பல வீடியோக்களில் 2 மட்டும் மஞ்சள் நிறத்தில் மின்னும்; அதற்கு முன்னால் உள்ள மைனஸ் வெளியே தனியாக நிற்கும். பிள்ளையின் கண் 2-ஐ மட்டும் பிடித்துக்கொள்ளும். ‘−2’ என்று குறியோடு சேர்த்து ஒரே பெட்டிக்குள் போட வேண்டும். அந்தப் பெட்டியிலிருந்து முதல் அம்பு x-க்குப் போகிறது: `−2x`. அது முடிந்த பிறகே இரண்டாவது அம்பு −3-க்குப் போக வேண்டும்.

அம்பு போனதும் நிறுத்துங்கள்

இரண்டாவது அம்பு −3-ஐத் தொட்டதும், விடை தெரிவதற்கு முன்பே வீடியோ நிற்க வேண்டும். ஸ்கிரிப்ட்டில் அந்த இடம் இப்படி இருக்கலாம்:

திரை: `5x − 2x ▢ = 66`
குரல்: “கட்டத்தில் என்ன வரும்? குறியோடு எழுதி, விலையையும் கண்டுபிடிங்க.”
இடைவெளி: 40 விநாடி. குரல் இல்லை, இசை இல்லை.

இடைவெளி எவ்வளவு என்பதற்கு ஓர் எளிய வழி உண்டு. ஆசிரியர் அந்தப் படிகளைத் தானே எழுதிப்பார்த்து, ஆன நேரத்தை மூன்றால் பெருக்கிக்கொள்ளலாம். ‘வேண்டுமென்றால் பிள்ளையே நிறுத்திக்கொள்ளட்டும்’ என்று விட முடியாது. 2019-ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, 2020 கொரோனா காலத்தில் வகுப்பு வாரியாகப் பாடம் ஒளிபரப்பியது. டிவியில் ஓடும் பாடத்தை நிறுத்தவே முடியாது. செல்போனில் முடியும் என்றாலும், விடை இதோ வரப்போகிறது என்று தெரியும்போது நிறுத்தும் பட்டனுக்கு விரல் போவதில்லை.

தப்பான விடையும் பேசும்

இடைவெளி முடிந்ததும் சரியான விடையை மட்டும் காட்டினால் பாதி வேலைதான் ஆகிறது. 24 வந்திருந்தால், கட்டத்தில் `− 6` எழுதியிருக்கிறது பிள்ளை, குறியில் தவறு. 23 வந்திருந்தால், `− 3` எழுதியிருக்கிறது. இரண்டாவது எண்ணைப் பெருக்கவே இல்லை. சரியான வரி `5x − 2x + 6 = 66`. அதாவது `3x + 6 = 66`, `3x = 60`, `x = 20`.

மைனஸும் மைனஸும் ஏன் ப்ளஸ் ஆனது? கடைக்கே போய்ப் பாருங்கள். கையில் இருப்பது 3 நோட்டு. அதன் விலை 60 ரூபாய். கடைக்காரர் பிடித்துக்கொண்டது 6 ரூபாய். அதுவும் நம் செலவுதானே! அந்த +6 அதுதான். சரிபார்க்கவும் எளிது: 100 ரூபாய்க்கு வாங்கி, 17 வீதம் 34 ரூபாய் திரும்பப் பெற்றால் செலவு 66. விலை 24 என்றால் செலவு 78 ஆகிவிடும்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கையை எடுப்பது

முழுதாகப் போட்டுக்காட்டிய கணக்கு, புதிதாகக் கற்பவருக்கு எவ்வளவு உதவும் என்பதை ஆஸ்திரேலியாவின் ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985-ல் அல்ஜீப்ராவை வைத்தே ஆராய்ந்தார்கள். அந்த உதவி ஓரளவுக்குத்தான். பிள்ளை தேறிய பிறகும் எல்லாப் படியையும் காட்டிக்கொண்டிருந்தால், அது வேடிக்கைதான் பார்க்கும். எனவே முதல் கணக்கில் ஒரு கட்டம் காலி, இரண்டாவதில் கடைசி இரண்டு வரிகள் காலி, மூன்றாவதில் கேள்வி மட்டும்.

அந்த மூன்றாவது கணக்கை இன்று வீட்டில் கொடுத்துப் பாருங்கள்:

`7x − 3(x − 4) = 52`

10 என்று வந்தால் சரி. 16 என்றால் குறியில் தவறு. 14 என்றால் அம்பு இரண்டாவது எண்ணுக்குப் போகவே இல்லை. 12 என்றால் குறி சரி, பெருக்கல்தான் விட்டுப்போயிருக்கிறது. வீடியோவை முதலிலிருந்து ஓட்ட வேண்டாம். அந்த ஓர் இடத்துக்கு மட்டும் போனால் போதும்.