பில் பதிவேடும் மார்ச் 15-ஆம் தேதியும்

எந்த நிறுவனத்திலும் சம்பளத்துக்குச் சேராமல் தனியாகத் தொழில் செய்பவரின் வங்கிக் கணக்கில் வந்து விழும் தொகையும், வரிச் சட்டத்தின் பார்வையில் அவருடைய வருமானமும் ஒன்றல்ல. கோவையில் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் உள் அலங்காரம் செய்து தரும் ஒருவர், ஒரு நிறுவனத்துக்கு 1,00,000 ரூபாய்க்கு பில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டுவதால் அவர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவர். பில்லில் 18,000 ரூபாய் ஜிஎஸ்டி சேரும். நிறுவனம் கட்டணத்தில் 10 சதவீதத்தை, அதாவது 10,000 ரூபாயை, டிடிஎஸ் ஆகப் பிடித்துக்கொண்டு 1,08,000 ரூபாயை அனுப்பும். அதில் 18,000 அரசின் பணம். பிடிக்கப்பட்ட 10,000 கைக்கு வராவிட்டாலும் அது அவருடைய வருமானம்தான். வங்கிப் புத்தகத்தில் இவை எதுவும் தெரியாது, 1,08,000 என்ற ஒற்றை எண் மட்டுமே இருக்கும்.

எனவே முதல் தேவை ஒரு பில் பதிவேடு. பில் எண், தேதி, வாடிக்கையாளர் பெயர், கட்டணம், ஜிஎஸ்டி, டிடிஎஸ், வந்த தொகை, வந்த நாள் என்று எட்டுக் கட்டங்கள் போதும். நோட்டாகவும் இருக்கலாம், எக்செல் தாளாகவும் இருக்கலாம். பணம் வந்த அன்றே எழுதிவிட வேண்டும்; ஆறு மாதம் கழித்து வங்கிப் புத்தகத்தைப் பார்த்து எழுதினால், பிடித்தம் போக வந்த தொகையே முழுக் கட்டணமாகப் பதிவாகிவிடும்.

உள் அலங்காரம், கட்டடக்கலை, பொறியியல், சட்டம், மருத்துவம், தகவல் தொழில்நுட்பம் போன்ற சில தொழில்களுக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவு ஒரு வசதி தந்தது. ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால், அதில் குறைந்தது பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். செலவு ரசீதுகளை ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் செலவு பாதிக்கு மேல் போய், வருமானம் அதைவிடக் குறைவு என்று காட்ட வேண்டுமானால், வரி வரம்பைத் தாண்டியவர் முழுக் கணக்குப் புத்தகங்களும் தணிக்கையும் வைத்திருக்க வேண்டும். தன் செலவு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை அறியவாவது ரசீதுகளைச் சேர்த்து வைப்பது நல்லது.

மேற்சொன்னவருக்கு 2025-26 நிதியாண்டில் கட்டணம் 30 லட்சம், வேறு வருமானம் இல்லை என்று கொள்வோம். வருமானம் 15 லட்சம். புதிய வரி முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 20,000, அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 40,000, மீதி 3 லட்சத்துக்கு 45,000. 4 சதவீத மேல்வரியும் சேர்ந்து மொத்தம் 1,09,200 ரூபாய். நிறுவனங்களிடமிருந்து வந்த 6 லட்சத்தில் 60,000 ஏற்கெனவே பிடிக்கப்பட்டுவிட்டது. மீதி 49,200. சொந்த வீட்டுக்கு வேலை செய்யச் சொல்பவர்கள் பொதுவாக டிடிஎஸ் பிடிப்பதில்லை. ஆகவே அவர்களிடமிருந்து வந்த 24 லட்சத்தில்தான், நூற்றுக்கு இரண்டு ரூபாய்க்குச் சற்று அதிகமாக இதை ஒதுக்க வேண்டும். 30 லட்சத்துக்கு மேல் 32 லட்சம் வரை அவர்களிடமிருந்து வரும் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் எட்டு ரூபாய் எடுத்து வைக்க வேண்டும். ஜிஎஸ்டி இதில் சேராது, அதை முழுவதுமாகத் தனிக் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும்.

மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம் 24 லட்சம். கட்டணம் அவ்வளவில் நின்றால் வருமானம் 12 லட்சம். தள்ளுபடியால் வரியே இல்லை, பிடித்த டிடிஎஸ்ஸும் திரும்பி வரும். அதுவே 25 லட்சமானால், 12 லட்சத்துக்கு மேற்பட்ட 50,000 ரூபாய் முழுவதும் வரியாகப் போய், மேல்வரியோடு 52,000 ஆகும். வரி வராது என்று நம்பி எதையும் ஒதுக்காதவருக்குப் பிப்ரவரியில் வரும் ஒரே ஒரு வேலை இந்தத் தொகையைக் கொண்டுவந்து நிறுத்தும். எல்லைக்கு அருகில் இருப்பவர் ஏப்ரலிலிருந்தே ஒதுக்குவதுதான் சரி.

44ஏடிஏ வழியில் போகிறவர் முன்கூட்டிய வரியை மார்ச் 15-க்குள் ஒரே தவணையாகக் கட்டலாம். டிடிஎஸ் போக மீதி 10,000 ரூபாய்க்குக் குறைவானால் முன்கூட்டிக் கட்ட வேண்டியதில்லை. 49,200-ஐ ஜூலையில்தான் கட்டினால், மார்ச் தவணை தவறியதற்கு ஒரு சதவீதமும், ஏப்ரல் முதல் மாதத்துக்கு ஒரு சதவீதமுமாக 2,460 ரூபாய் வட்டி சேரும்.

பிடித்த டிடிஎஸ் எவ்வளவு என்பதை வருமான வரி இணையதளத்தின் 26ஏஎஸ் படிவம் காட்டும். ஆனால் ஜனவரி முதல் மார்ச் வரையிலான பிடித்தங்களை நிறுவனங்கள் மே 31 வரை தெரிவிக்கலாம். மார்ச் 15 அன்று அந்தப் படிவத்தை மட்டும் நம்பிக் கணக்குப் போட்டால், கடைசி மாதங்களின் டிடிஎஸ் விடுபட்டுப்போகலாம். அன்றைக்குக் கைகொடுப்பது சொந்தப் பதிவேடுதான். ஜூனில் இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். பதிவேட்டில் உள்ள ஒரு பிடித்தம் படிவத்தில் இல்லையென்றால், பெரும்பாலும் பான் எண் தவறியிருக்கும், அல்லது அந்த நிறுவனம் தன் காலாண்டு அறிக்கையைத் தாக்கல் செய்திருக்காது. பில் எண், தேதி, தொகையுடன் எழுதிக் கேட்டால், அவர்கள் திருத்த அறிக்கை தாக்கல் செய்து அதைச் சரிசெய்ய முடியும்.