வெளிநடப்புக்குப் பிறகு அவையில் என்ன நடந்தது?

2024 ஜூன் 21, வெள்ளிக்கிழமை. தமிழகச் சட்டமன்றத்துக்கு அதிமுக உறுப்பினர்கள் கறுப்புச் சட்டையில் வந்தார்கள். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் மூன்று நாளாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். எண்ணிக்கை பின்னால் 60-ஐத் தாண்டியது. அவை கூடியதும் எதிர்க்கட்சித் தலைவர் எடப்பாடி பழனிசாமியும் அவருடைய கட்சியினரும் எழுந்து, கேள்வி நேரத்தை ஒத்திவைத்துவிட்டு இதைப் பேச வேண்டும் என்றார்கள். சபாநாயகர் அப்பாவு, கேள்வி நேரம் முடியட்டும், நேரமில்லா நேரத்தில் பேசலாம் என்றார். கூச்சல், முழக்கம், கடைசியில் அவைக் காவலர்கள். மறுநாள் நாளிதழ்களில் கோட்டை வளாகத்துக்குள் கறுப்புச் சட்டைக் கூட்டம் நிற்கும் படம் வந்தது. பாமகவும் பாஜகவும் அன்று வெளிநடப்புச் செய்தன.

இந்தச் செய்தியைப் படிக்கிற நமக்கு முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். அன்று அதிமுக செய்தது வெளிநடப்பு அல்ல. அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பாமகவும் பாஜகவும் செய்ததுதான் வெளிநடப்பு. நம் செய்திகளில் இரண்டும் ஒரே தலைப்புக்குள் கலந்துவிடுகின்றன, ஆனால் விளைவுகள் வேறு. தானாக நடந்து போன உறுப்பினர் பத்து நிமிடத்தில் திரும்பி வந்து உட்காரலாம், அடுத்த தீர்மானத்தில் பேசலாம், வாக்களிக்கலாம். சபாநாயகர் உத்தரவில் வெளியேற்றப்பட்டவர் அன்றைக்கு உள்ளே வர முடியாது, சபாநாயகரே அனுமதித்தாலொழிய. மூன்றாவது ஒன்றும் உண்டு. அவையே தீர்மானம் நிறைவேற்றி உறுப்பினரை இடைநீக்கம் செய்யலாம். அந்தக் கூட்டத்தொடரிலேயே மூன்றையும் பார்த்தோம். 21-ம் தேதி வெளியேற்றப்பட்டவர்களை முதல்வர் ஸ்டாலின் கேட்டுக்கொண்டதன் பேரில் சபாநாயகர் திரும்ப அனுமதித்தார். அவர்கள் அவைக்குள் வந்து உட்காரவில்லை. 22-ம் தேதி வெளிநடப்பு. 26-ம் தேதி, கூட்டத்தொடர் முடியும்வரை அதிமுக உறுப்பினர்கள் இடைநீக்கம். கூட்டத்தொடர் 29-ம் தேதி முடிந்தது.

சண்டை எதைப் பற்றி? சாராயச் சாவைப் பேசலாமா கூடாதா என்பதைப் பற்றி அல்ல, எப்போது, எந்த விதியின் கீழ் என்பதைப் பற்றி. வெளியிலிருந்து பார்த்தால் இது அற்பமாகத் தெரியும். சட்டமன்ற விதிகளில் 56-வது விதி ஒத்திவைப்புத் தீர்மானத்துக்கானது. அவசரமான, பொது முக்கியத்துவம் கொண்ட ஒரே பிரச்சினைக்காக அன்றைய அலுவல்களை ஒதுக்கிவைத்துவிட்டு விவாதிக்கக் கேட்பது அது. அந்த விவாதம் கிடைத்தால் பல உறுப்பினர்கள் பேசலாம், அரசு பதில் சொல்லியாக வேண்டும், அது நாள் முழுக்கத் தலைப்புச் செய்தி. அதனால்தான் எந்த ஆளும்கட்சியும் அதை எளிதில் தருவதில்லை, எந்த எதிர்க்கட்சியும் அதைத்தான் முதலில் கேட்கிறது. நேரமில்லா நேரத்தில் பேசுவது அப்படியல்ல. ஆளுக்குச் சில நிமிடம், அமைச்சரின் பதில், அடுத்த விஷயம். சபாநாயகர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஒத்திவைப்புத் தீர்மானமே கேள்வி நேரம் முடிந்த பிறகுதான் எடுத்துக்கொள்ளப்படும் என்பது மரபு. கேள்வி நேரத்தையே நிறுத்து என்பது அதற்கும் ஒரு படி மேலே போன கோரிக்கை.

என் கணிப்பில், ஒரு மணி நேரம் பொறுத்திருந்தால் அதிமுகவுக்கு அன்று பேச வாய்ப்பு நிச்சயம் இருந்தது. முழு விவாதம் கிடைத்திருக்குமா என்பது வேறு கேள்வி. அவர்கள் பொறுக்காததற்கு இன்னொரு காரணத்தையும் பார்க்க வேண்டும். அவைக்குள் எதிர்க்கட்சி பேசுவது மக்களுக்கு நேரலையில் முழுதாகக் காட்டப்படுவதில்லை என்பது எல்லா எதிர்க்கட்சிகளின் பழைய புகார். அன்றைய ஆளும்கட்சியும் எதிர்வரிசையில் இருந்தபோது அதையே சொன்னது. உள்ளே பேசியது அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படலாம். நீக்கியதைப் பத்திரிகை வெளியிட்டால் உரிமை மீறல் பிரச்சினை வரும். கோட்டை வளாகத்தில் மைக் முன்னால் நின்று பேசினால் ஒரு சொல்லையும் யாரும் வெட்ட முடியாது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அரசியல் சாசனத்தின் 194-வது பிரிவு, அவைக்குள் சொன்னதற்காக உறுப்பினர் மீது எந்த நீதிமன்றத்திலும் வழக்குப் போட முடியாது என்கிறது. படி இறங்கிய பிறகு அந்தக் காப்பு இல்லை. இந்த அதிகாரிக்குப் பங்கு போனது, இந்தப் பிரமுகர் துணை நின்றார் என்று உள்ளே பெயர் சொல்லிக் கேட்டிருக்கலாம். வெளியே அதே வார்த்தைகளுக்கு அவதூறு வழக்கு வரலாம். அதனால் வெளியே பேசும்போது குற்றச்சாட்டு பொதுவாகிவிடுகிறது: ஆட்சி சரியில்லை, முதல்வர் பதவி விலக வேண்டும், சிபிஐ விசாரணை வேண்டும்.

அவர்கள் வெளியே இருந்தபோது அவை நின்றுவிட்டதா? இல்லை. பலர் நினைப்பதுபோல எதிர்க்கட்சி எழுந்து போனால் அவை முடங்காது. அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கு. 234 பேர் கொண்ட நம் அவைக்கு 24 பேர் போதும். எதையும் நிறைவேற்ற, அவையில் இருந்து வாக்களிப்பவர்களில் பாதிக்கு மேல் வேண்டும், அவ்வளவுதான். எதிர்க்கட்சி நாற்காலிகள் காலியாக இருந்தால் கணக்கு ஆளும்கட்சிக்கு இன்னும் எளிதாகிறது.

அந்த ஜூன் கூட்டத்தொடர் வழக்கத்தைவிட நெருக்கடியானது. பிப்ரவரி 19-ம் தேதி பட்ஜெட் வைத்தார்கள். மார்ச்சில் நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்ததால், துறை வாரியாகப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதம் ஜூனுக்குத் தள்ளிப்போனது. வழக்கமாகப் பல வாரங்கள் நடப்பதை ஜூன் 20 முதல் 29 வரை, காலையும் மாலையுமாக அடைத்தார்கள். ஒரே நாளில் பல துறைகள். ஒவ்வொரு துறைக்கும் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் வெட்டுத் தீர்மானம் கொடுப்பார்கள். இந்தத் துறைக்குக் கேட்கும் தொகையில் இவ்வளவைக் குறைக்க வேண்டும், காரணம் இது என்று சொல்லும் கருவி அது. அது ஜெயிக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதைச் சாக்கிட்டுத்தான் எங்கள் ஊர் மருத்துவமனையில் மருத்துவர் இல்லை, இந்த வாய்க்கால் தூர்வாரவில்லை என்று பேச முடியும். கொடுத்தவர் அவையில் இல்லையென்றால் அந்தத் தீர்மானம் முன்மொழியப்படாமலே போய்விடும். துறைக்கான பணம் மட்டும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறும்.

இதை வைத்து, அன்று எந்த வேலை முடியாமல் போனது என்று கேட்டால் வேடிக்கையான பதில் வருகிறது: அலுவல் பட்டியலில் இருந்தது எல்லாமே முடிந்தது. 21-ம் தேதியே முதல்வர் கள்ளக்குறிச்சி பற்றி அவையில் பேசினார். பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளின் படிப்பு, விடுதிச் செலவை அரசே ஏற்கும், 18 வயது வரை மாதம் 5,000 ரூபாய், பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை என்று அறிவித்தார். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம், ஓய்வுபெற்ற நீதிபதி கோகுல்தாஸ் தலைமையில் ஒரு நபர் ஆணையம் என்பதும் அறிவிக்கப்பட்டிருந்தது. மாவட்ட ஆட்சியர் மாற்றப்பட்டிருந்தார், காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டிருந்தார், வழக்கு சிபிசிஐடியிடம் போயிருந்தது.

நடக்காமல் போனது, பட்டியலில் எழுதப்படாத வேலை. முதல்வர் உட்கார்ந்த பிறகு எழுந்து கேட்க வேண்டிய குறுக்குக் கேள்வி. 2023 மே மாதம் மரக்காணம் பகுதியிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே மெத்தனால் 20 பேருக்கு மேல் கொன்றது. அதற்குப் பிறகு ஆலைகளிலிருந்து மெத்தனால் வெளியே போவதைக் கண்காணிக்க என்ன செய்தீர்கள்? எத்தனை ஆலைகளில் இருப்புக் கணக்கைச் சரிபார்த்தீர்கள்? கருணாபுரம் ஊருக்கு வெளியே ஒதுங்கிய குக்கிராமம் அல்ல, மாவட்டத் தலைநகருக்குள் இருக்கும் குடியிருப்பு. அங்கே விற்றவர்கள் மீது முன்பு எத்தனை வழக்கு, எத்தனை முறை ஜாமீன்? இதையெல்லாம் பிரதான எதிர்க்கட்சியின் முன்னாள் அமைச்சர்கள் கேட்டிருந்தால், அதிகாரிகள் மாடத்திலிருந்து துண்டுச்சீட்டு பறந்திருக்கும், பதில் அவைக்குறிப்பில் ஏறியிருக்கும், பின்னால் நீதிமன்றத்தில்கூட எடுத்துக்காட்டப்பட்டிருக்கும். ஆளும்கட்சியின் தோழமைக் கட்சிகள் பேசின, ஆனால் அவர்கள் ஓர் எல்லைக்கு மேல் குடைய மாட்டார்கள்.

அடுத்த வாரம் இது இன்னும் விசித்திரமாயிற்று. 26-ம் தேதி, மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு சாதிவாரிக் கணக்கெடுப்பையும் ஒன்றிய அரசு நடத்த வேண்டும் என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. 28-ம் தேதி நீட் தேர்வுக்கு எதிரான தீர்மானம். அதை எதிர்த்து பாஜக வெளிநடப்புச் செய்தது. நீட் வேண்டாம் என்பது அதிமுகவும் சொல்லிவந்த நிலைதான். இருந்தும் அந்தத் தீர்மானத்தில் அவர்களுடைய ஆதரவோ எதிர்ப்போ பதிவாகவில்லை, ஏனென்றால் அவர்கள் இடைநீக்கத்தில் இருந்தார்கள். 27-ம் தேதி சென்னை எழும்பூர் ராஜரத்தினம் மைதானத்தில் உண்ணாவிரதம் இருந்தார்கள்.

29-ம் தேதி, கடைசி நாள், கள்ளக்குறிச்சியின் நேரடி விளைவான மசோதா வந்தது. 1937-ம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, கள்ளச்சாராயம் குடித்து ஒருவர் இறந்தால் அதைக் காய்ச்சியவர், விற்றவர்களுக்கு ஆயுள் தண்டனையும் 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்க வழி செய்தது. அமைச்சர் முத்துசாமி கொண்டுவந்தார், அன்றே நிறைவேறியது. எந்தச் சாவைப் பேச வேண்டும் என்று கேட்டு அதிமுக அவைக்கு வெளியே போனதோ, அந்தச் சாவுக்கான சட்டம் வந்த நேரத்தில் அந்தக் கட்சியின் ஒரு குரலும் உள்ளே இல்லை. தண்டனையைக் கூட்டினால் போதுமா, மெத்தனால் விற்கும் ஆலைக்கு ஏன் பொறுப்பில்லை, கண்டுகொள்ளாத காவலருக்கு என்ன தண்டனை என்று ஷரத்து ஷரத்தாகத் திருத்தம் கேட்டிருக்க வேண்டிய நேரம் அது. இதற்கு அதிமுகவை மட்டும் குறை சொல்ல முடியாது. 22-ம் தேதி வெளியே போனது அவர்கள் முடிவு, 29-ம் தேதி வெளியே இருந்தது அவையின் முடிவு. சில நாள் தொல்லைக்காகப் பிரதான எதிர்க்கட்சியைக் கூட்டத்தொடர் முழுக்க வெளியே வைத்தது, அதுவும் அந்த மசோதா வரவிருந்தபோது, ஆளும்கட்சிக்கு வசதியான அளவுக்கு அவைக்கு நல்லதல்ல. 2016 ஆகஸ்டில் அதிமுக ஆட்சி 79 திமுக உறுப்பினர்களை ஒரு வாரம் இடைநீக்கம் செய்தபோது திமுக சொன்னதும் ஏறக்குறைய இதுதான்.

சிபிஐ விசாரணை என்ற கோரிக்கையை அரசு கடைசிவரை ஏற்கவில்லை. அதிமுகவினரும் பாமகவினரும் மற்றவர்களும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2024 நவம்பர் 20-ம் தேதி நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது. அரசு உச்ச நீதிமன்றத்தில் செய்த மேல்முறையீடு டிசம்பரில் தள்ளுபடியானது. ஜூன் மாதம் ஓர் அமைச்சர் எழுந்து பதில் சொல்லியிருக்க வேண்டிய கேள்விகளுக்கு, ஐந்து மாதம் கழித்து நீதிபதிகள் முன்னால் அரசு வழக்கறிஞர் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.