பாயும் காளையும் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கும்

பொங்கல் முடிந்ததும் கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டாரக் கிராமங்களில் எருதுவிடும் விழா களைகட்டும். இருபுறமும் தடுப்பு கட்டிய பாதையில் காளைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிடுவார்கள். குறித்த தூரத்தை விரைவில் கடக்கும் காளைக்குப் பரிசு. தடுப்புக்கு வெளியே கேமராவோடு நிற்பவருக்கும் நொடிக்கணக்குதான் சோதனை.

காளை நொடிக்கு 10 மீட்டர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். ஷட்டர் 1/60 நொடி திறந்திருந்தால், அதற்குள் காளை 16 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். படத்தில் அது ஒரு தீற்றல். 1/1000 நொடியில் நகர்வு ஒரு சென்டிமீட்டர்தான். ஆனாலும் குளம்பு மட்டும் கலங்கியிருக்கலாம். ஊன்றிய கால் தரையில் நிற்க, முன்னே வீசும் கால் உடலைவிட ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் போகிறது. அதற்கு 1/2000 வேண்டும். ஓடிவரும் குழந்தைக்கு 1/500 பெரும்பாலும் போதும்.

இந்த ஷட்டர் வேகத்தை நாமே பிடித்து வைத்துக்கொள்ளும் வழிதான் ஷட்டர் பிரயாரிட்டி. சில கேமராக்களில் S, கேனனில் Tv. லென்ஸின் துளையைக் கேமரா பார்த்துக்கொள்ளும். ஐ.எஸ்.ஓ.வையும் ஆட்டோவில் விட்டால், மாலை வெளிச்சம் குறையும்போது படத்தில் புள்ளிகள் கூடும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம், கலங்கிய காளையைச் சரிசெய்ய வழியில்லை.

காளை நேராக நம்மை நோக்கி வந்தால் சிக்கல் வேறு. ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 200 மி.மீ. லென்ஸை f/4இல் வைத்து, 10 மீட்டர் தொலைவில் ஃபோகஸ் செய்தால், தெளிவாகத் தெரியும் பகுதியின் ஆழம் 60 சென்டிமீட்டர் அளவுதான். காளை அதை 0.06 நொடியில் தாண்டிவிடும். ஒருமுறை பூட்டிய ஃபோகஸ், விரல் அழுத்துவதற்குள் பழசாகிவிடும். தொடர் ஃபோகஸ் (AF-C, கேனனில் AI Servo அல்லது Servo AF) தொலைவை அடுத்தடுத்து அளந்து, ஷட்டர் திறக்கும் கணத்தில் காளை எங்கே இருக்கும் என்று கணித்து லென்ஸை நகர்த்துகிறது. குறுக்கே ஒரு கை நீண்டால் அதன்மேல் தாவவும் கூடும். ஃபோகஸ் புள்ளியைக் காளையின் முகத்திலேயே வைத்திருப்பதும், இலக்கை உடனே மாற்றாதபடி அமைப்பதும் உதவும்.

பர்ஸ்ட் படத்தைத் தெளிவாக்குவதில்லை. தேர்வுக்கு வழி செய்கிறது. நொடிக்கு 10 படம் என்றாலும் இரண்டு படங்களுக்கு நடுவே காளை ஒரு மீட்டர் கடந்திருக்கும். விரலை எடுக்காமல் அழுத்தினால் கேமராவின் தற்காலிக நினைவகம் நிரம்பி, காளை அருகில் வரும் நேரத்தில் படமெடுக்கும் வேகம் குறையும். சிறு சிறு தொடர்களாக எடுப்பதே நல்லது.

எது தவறியது என்பதைப் படமே காட்டும். தரை தெளிவாக இருந்து காளை ஓடும் திசையில் இழுபட்டிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. காளைக்கு முன்னோ பின்னோ உள்ள மண் தெளிவாக இருந்தால் தவறு ஃபோகஸில். எல்லாமே ஒரே திசையில் கலங்கியிருந்தால் அசைந்தது நம் கை.