கவிழ்ந்து கிடக்கும் 21 சீட்டுகள்

கணினியில் சாலிட்டேர் ஆடித் தோற்றவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். நான் எங்கோ தவறாக ஆடிவிட்டேனா, அல்லது சீட்டு விழுந்தபோதே இந்த ஆட்டம் தோற்றுவிட்டதா? 1990-ல் விண்டோஸ் 3.0 உடன் வந்து உலகெங்கும் பரவிய அந்த ஆட்டத்தின் சரியான பெயர் கிளாண்டைக். இதில் சில ஆட்டங்களை யாராலும் ஜெயிக்க முடியாது என்பது உண்மை. ஏன் முடியாது என்று புரிந்துகொண்டால், ஜெயிக்கக்கூடிய ஆட்டங்களைக் கோட்டைவிடாமல் ஆடுவதற்கும் வழி தெரியும்.

ஆட்டத்தின் அமைப்பிலிருந்து தொடங்குவோம். ஏழு வரிசைகள். முதல் வரிசையில் 1 சீட்டு, இரண்டாவதில் 2, இப்படியே ஏழாவதில் 7. மொத்தம் 28. ஒவ்வொரு வரிசையிலும் கடைசிச் சீட்டு மட்டும் திறந்திருக்கும். மீதி 21 சீட்டுகள் கவிழ்ந்திருக்கும். எஞ்சிய 24 சீட்டுகள் கைக்கட்டில். வரிசையில் கறுப்பின் மேல் சிவப்பு, சிவப்பின் மேல் கறுப்பு என்று ஒவ்வொன்றாக இறங்கிவர வேண்டும். காலியான வரிசையில் ராஜாவை மட்டுமே வைக்கலாம். நான்கு ஜாதிகளையும் ஏஸிலிருந்து ராஜா வரை ஏஸ் அடுக்குகளில் ஏற்றி முடித்தால் வெற்றி.

கைக்கட்டிலிருந்து ஒவ்வொரு சீட்டாக எடுத்து, எத்தனை சுற்று வேண்டுமானாலும் வரலாம் என்றால், கைக்கட்டு யாரையும் தடுப்பதில்லை. அதில் உள்ள 24 சீட்டில் எது தேவையோ அது எப்படியும் கைக்கு வந்துவிடும். அப்படியானால் ஆட்டத்தைக் கொல்லும் முடிச்சு அந்த 21 கவிழ்ந்த சீட்டுகளில்தான் இருக்க வேண்டும்.

அந்த முடிச்சு எப்படி விழுகிறது என்று ஓர் உதாரணத்தில் பார்ப்போம். ஆறாம் வரிசையின் திறந்த சீட்டு ஆட்டின் 5. ஏழாம் வரிசையில் டைமன் ஜாக்கி. பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஆனால் ஆட்டின் 5-க்கு அடியில் கறுப்பு ராணிகள் இரண்டும், டைமன் ஏஸும் கவிழ்ந்து கிடக்கின்றன. டைமன் ஜாக்கிக்கு அடியில் கறுப்பு 6 இரண்டும், ஆட்டின் ஏஸும் கிடக்கின்றன.

இப்போது ஆட்டின் 5 நகர வேண்டுமானால் வழி இரண்டுதான். ஒன்று, ஒரு கறுப்பு 6-ன் மேல் போக வேண்டும். இரண்டு 6-ம் ஜாக்கியின் அடியில். மற்றொன்று, ஆட்டின் ஏஸ், 2, 3, 4 ஏறிய பிறகு ஏஸ் அடுக்குக்குப் போக வேண்டும். அந்த ஏஸும் ஜாக்கியின் அடியில். சரி, ஜாக்கியை நகர்த்தலாம் என்றால், அதற்குக் கறுப்பு ராணி வேண்டும்; அல்லது டைமன் ஏஸ் வெளியே வந்திருக்க வேண்டும். இவை எல்லாம் ஆட்டின் 5-க்கு அடியில். அது விட்டால்தான் இது விடும், இது விட்டால்தான் அது விடும். மற்ற ஐந்து வரிசைகளையும் திறந்தாலும், கைக்கட்டை நூறு முறை புரட்டினாலும் இந்தப் பூட்டு திறக்காது. ஒரே வரிசைக்குள்ளேயும் இப்படி நடக்கும். இஸ்பேட் 8-க்கு அடியில் சிவப்பு 9 இரண்டும் இஸ்பேட் ஏஸும் இருந்தால், அந்த 8 கடைசிவரை அசையாது.

இத்தகைய ஆட்டங்கள் எத்தனை? ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் பிளேக், ஜென்ட் என்ற இருவர் கணினி நிரல் எழுதி ஏராளமான ஆட்டங்களை அலசி, 2019-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். மூன்று மூன்றாகச் சீட்டெடுக்கும் ஆட்டத்தில் 100-க்குச் சுமார் 82 ஜெயிக்கக்கூடியவை. ஒவ்வொன்றாக எடுத்தால் சுமார் 90. கவிழ்ந்த சீட்டுகளும் கண்ணுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. நமக்கு அவை தெரியாது. ஆகவே நம் வெற்றி இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் அந்த இடைவெளியைக் குறைப்பது ஓரளவு நம் கையில் இருக்கிறது.

முதல் பழக்கம், கவிழ்ந்த சீட்டைத் திறக்கும் நகர்த்தலுக்கே முதலிடம் தருவது. இரண்டு சிவப்பு 7 இருந்து, ஒரே ஒரு கறுப்பு 8 காலியாக இருந்தால், எந்த 7-க்கு அடியில் அதிகச் சீட்டுகள் கவிழ்ந்திருக்கின்றனவோ அதை நகர்த்துங்கள். முடிச்சு பெரும்பாலும் நீளமான வரிசைகளில்தான் இருக்கும். அங்கே சீக்கிரம் இறங்கினால், அவிழ்ப்பதற்கான மற்ற சீட்டுகள் கையில் இருக்கும்போதே அது தெரியவரும். எதையும் திறக்காத நகர்த்தலை, அடுத்த நகர்த்தலுக்கு வழி செய்தால் மட்டும் ஆடுங்கள். அதேபோல, ராஜா தயாராக இல்லாதபோது ஒரு வரிசையைக் காலி செய்யாதீர்கள். வேறு சீட்டு அங்கே வைக்க முடியாததால், கையில் இருந்த ஓர் இடம் பயனற்றுப் போகும்.

இரண்டாவது, ஏஸ் அடுக்கில் ஏற்ற அவசரப்படாமல் இருப்பது. ஏஸையும் 2-ஐயும் உடனே ஏற்றலாம். மற்றவற்றுக்கு ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதன் மேல் உட்கார வேண்டிய சீட்டு இன்னும் வெளியே இருக்கிறதா? ஆட்டின் 5-ஐ ஏற்றிவிட்டால், கறுப்பு 4-க்கு உட்கார ஓர் இடம் குறைகிறது. கறுப்பு 4 இரண்டும் ஏற்கெனவே ஏறிவிட்டிருந்தால், ஆட்டின் 5-ஐத் தயங்காமல் ஏற்றலாம்.

மூன்றாவது, மூன்று மூன்றாக எடுக்கும் ஆட்டத்துக்கு மட்டும் உரியது. முதல் சுற்றில் எதையும் ஆடாமல் பார்த்துக்கொண்டே போங்கள். 24 சீட்டில் 3, 6, 9 என்று 24 வரை எட்டுச் சீட்டுகள்தான் மேலே வரும். 3-வது சீட்டை எடுத்து ஆடிவிட்டால், அதன் கீழிருந்த 2-வது வெளிப்படும். அடுத்த சுற்றில் வரிசை ஒன்று நகர்ந்து 4, 7, 10 என்று வேறு சீட்டுகள் மேலே வரும். கட்டின் கடைசியிலிருந்து எடுத்தால் முன்னால் உள்ளவை இடம் மாறாது. ஆகவே இப்போது வரும் சீட்டுகள் பயன்படுமென்றால் கடைசியிலிருந்து எடுங்கள். புதிய சீட்டுகள் வேண்டுமென்றால் தொடக்கத்திலிருந்து எடுங்கள்.

கடைசிப் பழக்கம் எண்ணுவது. கைக்கட்டை ஒரு சுற்று பார்த்ததும் 24 சீட்டும், மேசையில் திறந்த 7 சீட்டும் நமக்குத் தெரிந்துவிடும். கண்ணில் படாதவை எவையோ, அவைதான் அந்த 21. எது எந்த வரிசையில் என்பது மட்டும் தெரியாது.

நம் உதாரணத்துக்கே திரும்புவோம். முதல் சுற்றில் கறுப்பு 6 இரண்டையும், கறுப்பு ராணிகளையும், சிவப்பு ஏஸ்களையும் காணவில்லை. இரண்டு முதல் ஐந்து வரையான வரிசைகளில் கவிழ்ந்திருந்த 10 சீட்டையும் திறந்தாயிற்று, அங்கேயும் இல்லை. எஞ்சிய 11 சீட்டும் ஆட்டின் 5-க்கும் டைமன் ஜாக்கிக்கும் அடியில். தேடும் ஆறு சீட்டும் அவற்றுக்குள்தான். எது எதன் அடியில் என்று தெரியாமலேயே ஆட்டம் முடிந்துவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம், ஏனென்றால் அந்த இரண்டு சீட்டையும் நகர்த்தக்கூடியது எதுவும் வெளியே இல்லை. இந்தத் தோல்விக்கு நம் ஆட்டம் காரணமல்ல. சீட்டைக் கலைத்துப் போட்டு அடுத்த ஆட்டத்தைத் தொடங்கலாம்.